கொள்முதல் ஆணை எண்ணும் தெளிவான விவரமும் இல்லாத விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்புதல்

அனுப்புநர்:
கொள்முதல் மேலாளர்,
வாங்கும் நிறுவனம்.

பெறுநர்:
கணக்குப் பிரிவு மேலாளர்,
பேரிங் வழங்கும் நிறுவனம்.

பொருள்: தங்கள் விலைப்பட்டியல் எண் 742 ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுவது – முறையான விலைப்பட்டியல் கோருவது தொடர்பாக.

பார்வை: எங்கள் கொள்முதல் ஆணைகள் 118, 131, தங்கள் நினைவூட்டல் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

இம்மாதம் 6-ஆம் தேதி எங்களுக்குக் கிடைத்த தங்கள் விலைப்பட்டியல் எண் 742-ஐ எங்கள் கணக்கில் பதிவு செய்ய இயலாததால், அதை இக்கடிதத்துடன் திருப்பி அனுப்புகிறோம். அதில் கொள்முதல் ஆணை எண் எங்கும் இல்லை. விவரத்துக்கான பகுதியில் “பேரிங் மற்றும் வேலை – மொத்தம்” என்று ஒரே ஒரு வரியும், அதற்கு நேராக ஒரே ஒரு தொகையும் இருக்கின்றன. எத்தனை பேரிங், எந்த அளவு, என்ன விலை, எந்த நாளில் செய்த எந்த வேலை என்பவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

தங்களிடம் எங்களுக்கு ஒரே ஒரு ஆணை மட்டும் நிலுவையில் இருந்திருந்தால், எண் விடுபட்டதை ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்த்திருக்கலாம். ஆனால் இரண்டு ஆணைகள் நிலுவையில் உள்ளன. ஆணை 118 பொருளுக்கானது: இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 6205 பேரிங் 24, அதே வகையில் 6206 பேரிங் 16, ஆக 40. ஆணை 131 வேலைக்கானது: அந்தப் பேரிங்குகளைக் கன்வேயர் உருளைகளில் பொருத்திச் சீரமைக்க இரண்டு வருகைகள். முதலாவது சரக்குக் கணக்கில் ஏறும். இரண்டாவது பராமரிப்புச் செலவில் ஏறும். ஒப்புதல் தர வேண்டியவர்களும் வெவ்வேறு ஆட்கள். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டால், எந்தத் தொகையை எதில் எழுதுவது என்பதை எங்கள் எழுத்தர் தாமாகவே ஊகித்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த உரிமை அவருக்கு இல்லை.

எண்ணிக்கையில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. தங்கள் டெலிவரி சலானில் 40 பேரிங் என்று இருந்தாலும், எங்கள் கிடங்கில் பெட்டியைப் பிரித்துச் சரிபார்த்தபோது, 6206 பேரிங்குகளில் 4, ரப்பர் சீலுக்குப் பதிலாகத் தகர மூடி கொண்டவையாக இருந்தன. உள்விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62 மில்லிமீட்டர் என அளவில் அவை மிகச் சரியாகவே இருந்ததால், மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் தகர மூடிக்கும் உள் வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். தூசி பறக்கும் எங்கள் கன்வேயரில் அதன் வழியாகத் தூசி உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும் என்பதற்காகவே ரப்பர் சீல் வேண்டும் என ஆணையில் குறிப்பிட்டிருந்தோம். அந்த நான்கையும் தங்கள் ஓட்டுநரிடமே திருப்பிக் கொடுத்து, சலானின் இரு பிரதிகளிலும் “36 பெறப்பட்டது, 4 திருப்பப்பட்டது” என்று எழுதிக் கையொப்பம் வாங்கியுள்ளோம். வேலையைப் பொறுத்தவரை, முதல் வருகை முடிந்து பணி அறிக்கையில் எங்கள் பராமரிப்புப் பொறியாளர் கையொப்பமிட்டுள்ளார்; இரண்டாவது வருகை இன்னும் நடக்கவில்லை.

ஆக, இன்றைய தேதியில் நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்பது 36 பேரிங்குகளும் ஒரு வருகையும். அவற்றுக்கு ஆணையில் உள்ள விலையைப் போட்டுக் கூட்டினால், தங்கள் தொகை அதைவிடக் கூடுதலாக உள்ளது. திருப்பிய நான்கையும் சேர்த்து 40 என்று கணக்கிட்டாலும் தொகை சிறிது மிஞ்சுகிறது. 36 பேரிங்குகளோடு இரண்டு வருகைகளையும் சேர்த்துப் பார்த்தால், இம்முறை தங்கள் தொகைதான் குறைந்துபோகிறது. 40 பேரிங்குகளுக்கும் ஒரு வருகைக்கும் விலை போட்டு, அதன்மேல் வண்டி வாடகையும் சேர்த்திருப்பீர்களோ என்ற ஐயம் எங்களுக்கு எழுகிறது. அப்படியானால், எங்கள் இடம்வரை கொண்டுவந்து சேர்க்கும் செலவு விலையிலேயே அடக்கம் என்று ஆணை 118 சொல்வதை நினைவூட்டுகிறோம். எப்படியிருந்தாலும் இது எங்கள் ஊகமே. இப்படி ஊகிக்கும் நிலையில் எங்களை விட்டதுதான் அந்த ஒற்றை வரியின் குறை.

ஆணை, கிடங்கின் பெறுகைச் சீட்டு, விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் பொருள், எண்ணிக்கை, விலை ஆகியவற்றில் வரிக்கு வரி ஒத்துப்போனால்தான் எங்கள் கணக்குப் பிரிவு பணத்தை விடுவிக்கும். இந்த மூன்றையும் கட்டிப்போடும் கயிறு ஆணை எண்தான். ஒரே விலைப்பட்டியல் தபாலில் ஒருமுறையும் மின்னஞ்சலில் ஒருமுறையும் வந்து சேரும்போது இரண்டு முறை பணம் போய்விடாமல் தடுப்பதற்கும் அது உதவுகிறது. தங்கள் 742-ஆம் எண் விலைப்பட்டியலும் அவ்வாறே இரு வழிகளிலும் வந்தது என்பதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர், “எண்ணை நீங்களே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள் சார்” என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆயினும், தாங்கள் வெளியிட்ட ஆவணத்தில் நாங்கள் எழுதினால், தங்களிடம் உள்ள பிரதி ஒன்றும் எங்களிடம் உள்ளது வேறொன்றுமாகிவிடும். தணிக்கையின்போது இருவருமே பதில் சொல்ல வேண்டிவரும். தாங்கள் முன்பு அனுப்பிய விலைப்பட்டியல்களில் ஆணை எண்ணும் வரிவாரியான விவரமும் ஒழுங்காக இருந்தன. இம்முறை அச்சு வடிவமே மாறியிருக்கிறது. பழைய வடிவத்தில் ஆணை எண்ணுக்கென இருந்த கட்டம் புதியதில் இல்லை. ஆகையால் இது ஒருவரின் கவனக்குறைவு என்பதைவிடப் புதிய படிவத்தின் கோளாறாக இருக்கலாம் என்று கருதுகிறோம். அதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்ததும் இப்படித்தான் வரும்.

எனவே, விலைப்பட்டியல் 742-ஐ முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் வழங்கி ரத்து செய்து, ஆணைக்கு ஒன்றாக இரண்டு புதிய விலைப்பட்டியல்களைப் புதிய எண்ணும் தேதியும் இட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆணை 118-க்கானதில் 6205 பேரிங் 24, 6206 பேரிங் 12 எனத் தனித்தனி வரிகளாக, சீல் வகை, ஒன்றின் விலை, சலான் எண் ஆகியவற்றோடு இருக்க வேண்டும். மாற்றித் தரவேண்டிய நான்கை அவை வந்து சேர்ந்த பிறகு தனியே பில் செய்யலாம். ஆணை 131-க்கானதில் முடிந்த ஒரு வருகை மட்டும், அதன் தேதியோடும் பணி அறிக்கை எண்ணோடும் இருந்தால் போதும். வரித் தொகையைப் பொருளுக்கும் வேலைக்கும் தனித்தனியே காட்டவும். மின்னஞ்சல், தபால் என இரண்டில் ஒரே வழியாக அனுப்பவும்.

பணம் செலுத்தும் கெடு கடந்துவிட்டதாகத் தங்கள் நினைவூட்டல் கூறுகிறது. இரு ஆணைகளின் நிபந்தனைப்படியும், ஆணை எண்ணுடன் கூடிய முறையான விலைப்பட்டியல் எங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள் கணக்கிடப்படும். எனவே அந்தக் கெடு இன்னும் தொடங்கவே இல்லை, தாமதக் கட்டணமும் பொருந்தாது. பணம் வரும்வரை இரண்டாவது வருகையை நிறுத்திவைப்பதாக அதே நினைவூட்டலில் எழுதியிருப்பதை மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறோம். 36 பேரிங்குகளும் முதல் வருகையும் எங்களுக்கு வந்து சேர்ந்ததை நாங்கள் ஒருபோதும் மறுக்கவில்லை. அவற்றுக்குரிய பணத்தைத் தருவதிலும் தயக்கமில்லை.

புதிய விலைப்பட்டியல்கள் கிடைத்ததும் பதிவு செய்த விவரத்தை அன்றைக்கே தங்களுக்குத் தெரிவிப்போம். ஆணை 118-இன் கணக்கில் தங்களுக்கு வேறு கருத்து இருந்தால், விலைப்பட்டியல் அனுப்பும் முன் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொள்முதல் மேலாளர்

இணைப்பு: விலைப்பட்டியல் 742 (அசல்), குறிப்பெழுதிய டெலிவரி சலானின் நகல், முதல் வருகைக்கான பணி அறிக்கையின் நகல்.