மேட்டூர் மட்டம் தெரிந்தவர்களுக்கு ஹைட்ரஜன் மட்டம் தெரியாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த மாணவர் இணைப்பில், பிளஸ் டூ இயற்பியல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "ஹைட்ரஜன் அணுவின் மூன்றாவது ஆற்றல் மட்டத்தின் அலைநீளம் 656 நானோமீட்டர், இதுவே சிவப்புக் கோடு." தடித்த எழுத்தில், கட்டம் கட்டி. தேர்வில் அப்படியே எழுத வசதியாக இருக்கட்டும் என்று கட்டினீர்கள் போலிருக்கிறது.

என் பேத்தி அதை நம்பினாள். உங்கள் அட்டவணையில் மூன்றாவது மட்டத்துக்கு −1.51 எலக்ட்ரான் வோல்ட் என்று போட்டிருந்தது. 1240-ஐ எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் நானோமீட்டரில் அலைநீளம் வரும் என்று அவளுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது சரியான வழிதான். 1240-ஐ 1.51-ஆல் வகுத்தாள். 821 வந்தது. அழித்துவிட்டு மறுபடி வகுத்தாள், மறுபடியும் 821. மூன்றாம் தடவை அழித்ததில் நோட்டுத் தாளே கிழிந்துவிட்டது. "எனக்குக் கணக்கே வரலை தாத்தா" என்று என்னிடம் கொண்டுவந்தாள். அவள் கணக்கில் ஒரு குற்றமும் இல்லை ஐயா. குற்றம் கட்டத்துக்குள் இருந்தது.

மட்டத்துக்கு அலைநீளம் கிடையாது. இரண்டு மட்டங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்துக்குத்தான் உண்டு. இதைத் தங்களுக்குப் போய் நான் விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. வருடம் முழுக்க மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். எங்கள் டெல்டாக்காரர்கள் வேறு எதையும் பார்க்குமுன் அதைத்தான் பார்க்கிறோம். அணையில் 110 அடி இருக்கிறது என்றால் எங்கள் வாய்க்காலுக்கு எவ்வளவு வந்தது என்று அதிலிருந்து தெரியுமா? நேற்று 112, இன்று 110 என்றால் அல்லவா ஏதோ இறங்கியிருக்கிறது என்று தெரியும்? எலக்ட்ரானும் அப்படித்தான். மூன்றாவது மட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை அது ஒளி எதையும் வெளியிடுவதில்லை. அங்கிருந்து கீழே விழும்போது எவ்வளவு ஆற்றலை இழக்கிறதோ, அந்த அளவுக்கு ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வெளியே வருகிறது.

பேத்திக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மட்டங்களின் ஆற்றல் −13.6-ஐ மட்ட எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். முதல் மட்டம் −13.6. இரண்டாவது, நான்கால் வகுக்க −3.40. மூன்றாவது, ஒன்பதால் வகுக்க −1.51. மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்தால் வித்தியாசம் 3.40-இலிருந்து 1.51 போக 1.89. இப்போது 1240-ஐ 1.89-ஆல் வகுக்கட்டும். 656. உங்கள் சிவப்புக் கோடு இதுதான். அதே மூன்றிலிருந்து நேராக முதல் மட்டத்துக்கு விழுந்தால் வித்தியாசம் 12.09, அலைநீளம் 102.6 நானோமீட்டர். புறஊதா, கண்ணுக்கே தெரியாது. புறப்பட்ட இடம் ஒன்றுதான், ஒளி இரண்டு. பிறகு எந்த அலைநீளத்தை "மூன்றாவது மட்டத்தின்" தலையில் கட்டுவது?

சரி, அப்படியானால் 821 பொய்யா என்று கேட்டாள் பேத்தி. நல்ல கேள்வி. உங்கள் கட்டத்தைவிட அவளுடைய தப்பான விடையில் விஷயம் அதிகம். அந்தக் கழித்தல் குறி எதற்கு? கிணற்று விளிம்பைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று சொல்வது போல, அணுவை விட்டே வெளியேறிவிட்ட எலக்ட்ரானைப் பூஜ்யமாக வைத்து மற்றதெல்லாம் அதற்குக் கீழே எவ்வளவு என்று சொல்கிறோம். ஆக −1.51 என்பதே ஒரு வித்தியாசம்தான், விளிம்புக்கும் மூன்றாவது மட்டத்துக்கும் இடையில் உள்ளது. 821 என்றால் விளிம்பிலிருந்து மூன்றாவது மட்டத்துக்கு விழுந்த எலக்ட்ரானின் ஒளி. மூன்றில் வந்து முடியும் கோடுகளைப் பாஷன் வரிசை என்போம். அகச்சிவப்பில் இருக்கும் அந்த வரிசை முடிகிற எல்லை அது. குழந்தை தற்செயலாகப் பாஷனின் எல்லையில் போய் நின்றிருக்கிறாள், தெரியாமல் அழித்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மட்டங்களை மாடிப்படி போல ஒரே இடைவெளியில் வரைந்திருக்கிறீர்கள். அப்படி இருந்தால் இரண்டிலிருந்து ஒன்றுக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும், நான்கிலிருந்து மூன்றுக்கும் ஒரே வித்தியாசம், எல்லாம் ஒரே கோட்டில் போய் விழ வேண்டும். உண்மையில் கீழ்ப்படியின் உயரம் 10.2, அடுத்தது 1.89, அதற்கடுத்தது 0.66. மேலே போகப் போக விரற்கடை உயரம்கூட இல்லை. இரண்டாவது மட்டத்தில் வந்து விழும் பாமர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 656, 486, 434, 410 என்று முதலில் அகலமாகத் தொடங்கி, போகப் போக நெருங்கி, 365-க்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறாற்போல் நெருங்கிவிடுகின்றன. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் இரண்டாவது மட்டம்வரை 3.40-க்கு மேல் இழக்க முடியாதே? அதனால்தான் அந்த எல்லை. உங்கள் படத்தை வைத்து ஒரு ஆசிரியரால் இதை விளக்கவே முடியாது.

அட்டவணையில் நான்காவது மட்டத்துக்கு −0.9 என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். இடம் பற்றவில்லை போலும். −0.85 என்பதை −0.9 ஆக்கினால் வித்தியாசம் 2.55-க்குப் பதில் 2.5 ஆகிறது. 486 வர வேண்டிய இடத்தில் 496 வருகிறது. பத்து நானோமீட்டர் தள்ளி இல்லாத கோடு ஒன்றை மாணவன் தேடுவான். கடைசியில் முழுமையாக்கலாம், முதலிலேயே கூடாது என்று முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவன் நான்.

எனக்கு இதில் அனுபவம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அரசுப் பள்ளியில் வேலை பார்த்தபோது, பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஹைட்ரஜன் குழாய் ஒன்றும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கீற்றணி ஒன்றும் இரவல் வாங்கி வந்தேன். ஜன்னல்களில் ஜமக்காளம் கட்டி இருட்டாக்கினோம். குழாய் வெறும் கண்ணுக்கு ரோஜா நிறத்தில் தெரியும். கீற்றணி வழியே பார்த்தால் சிவப்பு ஒரு கோடு, நீலப்பச்சை ஒன்று, அப்புறம் ஊதா ஒன்று, அதற்குப் பின்னால் மங்கலாக இன்னொன்று. நடுநடுவே லேசான மினுக்கம் தெரிந்தால் பயப்படக் கூடாது. அது பிரியாமல் கிடக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் ஒளி, இந்தக் கணக்கில் வராது. நடவு வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்த ஒரு பையன்தான் அந்த நான்காவது கோட்டை முதலில் பார்த்தான். கண் பழகாத மற்றவர்கள் "இல்லவே இல்லை" என்று அவனோடு சண்டைக்குப் போனார்கள். 6-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 3.02, அதாவது 410. பிறகுதான் அடங்கினார்கள்.

பையன்கள் வழக்கமாகச் செய்யும் இன்னொரு தப்பையும் உங்கள் கட்டுரையாளர் விட்டுவைக்கவில்லை. அலைநீளங்களையே கழிக்கிறார். முதல் மட்டத்தில் முடியும் லைமன் வரிசையில் 121.6, 102.6 என்று இரண்டு கோடுகள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 19. அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆற்றலில் கழியுங்கள்: 12.09-இலிருந்து 10.20 போக 1.89. சிவப்புக் கோடு வந்து நிற்கிறது! கழிப்பதெல்லாம் ஆற்றலில், வகுப்பது ஒரே தடவை, கடைசியில்.

விஞ்ஞானி நீல்ஸ் போரைப் பற்றி எழுதியதும் நெருடியது. 1913-இல் அவர் இந்தக் கோடுகளைக் "கண்டுபிடித்தார்" என்கிறீர்கள். கோடுகளை அதற்கு வெகு முன்பே அளந்துவிட்டார்கள். அந்த அளவுகளுக்கு 1885-இல் ஒரு சூத்திரம் கண்டவர் பாமர், சுவிட்சர்லாந்தின் பாசெல் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், அப்போது அறுபதை நெருங்கியவர். அந்தச் சூத்திரம் ஏன் பொருந்துகிறது என்பதற்குக் காரணம் சொன்னவர்தான் போர். வாத்தியார் பெயர் விட்டுப்போவது எங்களுக்குப் புதிதில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன் பிளாங்க் மாறிலியில் அடுக்குக்குறி விட்டுப்போய் "10-34" என்று அச்சிட்டபோதும் எழுதினேன். கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள், ஊர்ப் பெயர் மட்டும் தப்பாக வந்தது, திருத்தம் வரவே இல்லை. பத்திரிகை எங்கள் ஊருக்குக் காலை எட்டு மணி பஸ்ஸில்தான் வருகிறது என்று எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. அதைக்கூட மன்னித்துவிட்டேன். மேட்டூர் மட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் மறுநாளே திருத்தம் போடுவீர்கள், இல்லையா?

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை இணைப்பில், அதே அளவுக் கட்டத்துக்குள், "மூன்றாவது மட்டத்திலிருந்து இரண்டாவது மட்டத்துக்கு விழும்போது வெளிவரும் ஒளியின் அலைநீளம் 656 நானோமீட்டர்" என்று போட்டுவிடுங்கள். அட்டவணையில் −0.9-ஐ −0.85 ஆக்கிவிடுங்கள். இடம் இல்லாவிட்டால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், அந்த 5-ஐ மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
நீடாமங்கலம் (சென்ற தடவை போல மன்னார்குடி என்று போட்டுவிட வேண்டாம்)