காலி டப்பா புகாரை ஆள் வாரியா பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

ஆன்லைன்ல போன் வாங்குனவருக்கு சோப்புக்கட்டி வந்த கதையை போன வாரம் போட்டிருந்தீங்க. அது நடக்காததில்ல. ஆனா விக்கிறவன் பக்கமும் ஒரு கதை இருக்கு. நான் கோயம்புத்தூர்ல சொந்தமா வெப்சைட் வச்சு ஸ்மார்ட் வாட்ச், கேபிள்னு விக்கிறேன். "டப்பா காலியா இருந்துச்சு, காசைத் திருப்பிக் குடுங்க"ன்னு மெசேஜ் வந்தா அந்த ஒண்ணை மட்டும் பாக்குறப்போ நிஜமாத்தான் தெரியும், போட்டோவும் வரும், பொருளை எடுத்து அந்தாண்ட வச்சுட்டு டப்பாவை போட்டோ எடுக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது, ஆனா ரிவ்யூல திட்டுவாங்களேன்னு பயந்துக்கிட்டு நானும் குடுத்துருவேன்.

ஒரு நாள் ஒண்ணரை வருஷ ஆர்டர் ஷீட்டை எடுத்துட்டு உக்காந்தேன். சுமார் 2,000 ஆர்டர், அதுல 21 காலி டப்பா புகார். போன் நம்பர் வாரியா பிரிச்சா ஆளுக்கு ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சு. அட்ரஸ் வாரியா பிரிச்சாலும் மொதல்ல சிக்கல, ஏன்னா ஒரே வீட்டை ஒரு தடவை 12/4ன்னும் இன்னொரு தடவை 12-4ன்னும் அடுத்த தடவை புது எண் 12ன்னும் போட்டிருக்காங்க. அதையெல்லாம் ஒண்ணாக்கி, ரீஃபண்ட் போன யுபிஐ ஐடியையும் பக்கத்துல வச்சதும் பிடிபட்டுச்சு. மூணு போன் நம்பர், ஒரே வீடு, ஒரே யுபிஐ. மொத்தம் 7 ஆர்டர், அதுல 5 காலி. ஒழுங்கா போய்ச் சேந்த ரெண்டும் 300 ரூபா கேபிள், காலியானது அஞ்சும் 2,000 ரூபாய்க்கு மேல போற வாட்ச்! திருடனுக்கு கேபிள் மட்டும் பிடிக்காது போல.

கொரியர்ல யாராச்சும் எடுத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. அந்த அஞ்சும் ரெண்டு வேற வேற கொரியர்ல போனது, கடைசி ஹப்ல போட்ட எடையும் நான் பேக் பண்ணப்போ இருந்த அதே 340 கிராம். அதுக்கப்புறம் டெலிவரி பையன் எடுத்திருந்தா? அஞ்சு தடவையும் ஒரே பையன் வரலையே.

இதே கணக்குதான் என் தப்பையும் காட்டுச்சு. ஒரு லேடீஸ் ஹாஸ்டல் அட்ரஸ்ல மட்டும் மூணு புகார். அந்த அட்ரஸையே பிளாக் பண்ணலாம்னு இருந்தேன். பாத்தா மூணும் வேற வேற பொண்ணுங்க, மூணு பேருக்கும் அதுதான் மொத ஆர்டர், எல்லாமே ஒரே ஹப் வழியா போயிருக்கு, அங்க எடை 190 கிராம்னு விழுந்திருக்கு. பொருள் வழியிலேயே போயிருச்சு. அந்தப் பொண்ணுங்ககிட்ட அதுவரைக்கும் ரீஃபண்ட் தராம இழுத்துட்டு இருந்தது நான்தான், மன்னிப்பு கேட்டுட்டு பணத்தை அனுப்பினேன், கொரியர்ல கிளெய்ம் போட்டிருக்கேன்.

அந்த 5 காலி டப்பா வீட்டு மேல போலீசுக்குப் போகல, கையில இருக்கிறது எக்ஸெல் ஷீட்தானே. "இனி உங்களுக்கு ஓப்பன் பாக்ஸ் டெலிவரி மட்டும்தான், பையன் முன்னாடி பிரிச்சுப் பாத்துட்டு ஓடிபி சொல்லுங்க"ன்னு மெசேஜ் போட்டேன். அப்போ எட்டாவதா ஒரு வாட்ச் ஆர்டர் நிலுவையில இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு சின்ன வியாபாரி,
கோயம்புத்தூர்