பொதுக் குளியலறைத் தளங்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக் குளியலறைகளின் தள வேலை முடிந்துவிட்டது. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், இனி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த அறிக்கை.

வேலை தொடங்கும் முன் பலரும் கேட்டது, "நல்ல சீலர் ஒன்றை அடித்துவிட்டால் வழுக்காது இல்லையா?" என்பதுதான். இல்லை. சீலர் கறையைத் தடுக்கும், வழுக்கலைத் தடுக்காது. கல்லுக்குள் ஊறி உட்காரும் சீலர், நுண்துளைகளுக்குள் தண்ணீரும் எண்ணெயும் சட்டென்று இறங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கால் வழுக்குமா வழுக்காதா என்பதைக் கல்லின் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. பாலிஷ் போட்ட கல்லில் பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றுவிடுகிறது. அதில் சோப்பும் கலந்தால் பிடிமானமே இருக்காது.

நம் பழைய தளம் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். அதன் மேல் முன்பு யாரோ பளபளப்புக்காக அக்ரிலிக் பூச்சு ஒன்றை அடித்திருந்தார்கள். அது கல்லுக்குள் இறங்கும் வகை இல்லை, மேலே படலமாக நிற்கும் வகை. அடர்த்தியான கறுப்புக் கல் எதையும் அதிகம் உறிஞ்சாது என்பதால் பூச்சு பிடிக்காமல் ஓரங்களில் உரிந்து, அடியில் ஈரம் தேங்கி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நனைந்த தளத்தில் ஊசல் கருவி வைத்து உராய்வைச் சோதித்தோம். அந்த அளவுகோலில் 36க்கு மேல் வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு, 25க்குக் கீழே போனால் அதிகம். நம் தளம் 25ஐத் தொடவே இல்லை.

அதனால் ஷவர் பகுதியில் பழைய கல்லை எடுத்துவிட்டு, தீயில் பொரித்து எடுத்த சொரசொரப்பான கிரானைட்டைப் போட்டோம். பொரிப்பதைக் கல்லைப் பதிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், பதித்த தளத்தின் மேல் தீயைக் காட்டினால் கற்களின் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டும் கீழே உள்ள நீர்க்கசிவுத் தடுப்பும் கெட்டுப்போகும். சின்னத் துண்டுகளாகப் போட்டதற்கும் காரணம் உண்டு: இணைப்புகள் கூடினால் பிடிமானமும் கூடும், வடிகாலை நோக்கி வாட்டம் கொடுப்பதும் சுலபம். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்திருக்கிறோம். தண்ணீர் தேங்காமல் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி. புதுத் தளத்தை அதே கருவியால் நனைத்துச் சோதித்ததில் 36ஐத் தாண்டிவிட்டது.

உடை மாற்றும் இடத்தில் இருந்த ஸ்லேட்டை அப்படியே விட்டோம். அது இயற்கையாகவே அடுக்கு அடுக்காகப் பிளந்த கல், மேடுபள்ளம் இருப்பதால் பிடிமானம் பரவாயில்லை. ஆனால் எல்லா ஸ்லேட்டும் ஒன்றில்லை. சிலவற்றில் அடுக்கு உரியும், சிலவற்றில் உள்ளே இருக்கும் இரும்புக் கனிமம் ஈரம் பட்டுத் துருக்கறையாக வெளியே வரும். தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வந்த பலகைகளை மட்டும் மாற்றினோம்.

சீலர் தேவையா என்பதை ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் விட்டுத்தான் முடிவு செய்தோம். உலர்ந்த கல்லில் சில சொட்டுகள் விட்டு 10, 15 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். இடம் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் வேண்டும். நிறம் மாறவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஸ்லேட் கறுத்தது, கிரவுட்டும் கறுத்தது. கிரானைட் கறுக்கவே இல்லை. உறிஞ்சாத கல்லில் சீலரை அடித்தால் அது மேலேயே காய்ந்து பிசுபிசுப்பும் திட்டும்தான் மிஞ்சும், எனவே கிரானைட்டை விட்டுவிட்டோம். ஸ்லேட்டையும் கிரவுட்டையும் நன்றாகக் கழுவி, முழுக்க உலர விட்டு, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, உள்ளே இறங்கும் சீலரை மெல்லிசாகத் தடவினோம். சில நிமிடங்களில் மீதியைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள், காய்ந்துவிட்டால் மங்கல் படிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், சீலர் அடித்ததால் தளத்தில் தண்ணீர் கீழே இறங்காது என்று எண்ண வேண்டாம். அதைத் தடுப்பது கல்லுக்கு அடியில் போட்டிருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புதான்.

சுத்தம் செய்பவர்கள் ஆசிட்டைத் தொடவே கூடாது. அது கிரவுட்டைத் தின்னும், சுண்ணாம்பு கலந்த ஸ்லேட்டையும் அரிக்கும். துரு நீக்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், அது கிரானைட்டையே கெடுத்துவிடும். அமிலமோ காரமோ இல்லாத நடுநிலை சோப்புத் திரவமும் நைலான் பிரஷ்ஷும் போதும். பொரித்த கல்லின் குழிகளில் சோப்புப் படிவு சேரும். மாப்பால் மேலோட்டமாகத் துடைத்தால் அது போகாது, தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். படிவு சேரச் சேரச் சொரசொரப்பான கல்லும் வழுக்க ஆரம்பிக்கும், ஆகவே காலுக்கு வழவழவென்று பட்டால் உடனே குழுவுக்குச் சொல்லுங்கள்.

ஸ்லேட்டிலும் கிரவுட்டிலும் ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்து பார்த்து, கறுத்த இடத்தில் மட்டும் திரும்ப சீலர் அடிப்போம். கைகழுவும் தொட்டிக்கு அடியில் இன்னும் பழைய பாலிஷ் கல்தான் இருக்கிறது. வைரத்தூள் பிரஷ்ஷால் அதன் பளபளப்பை அங்கேயே எடுத்துவிடும் வேலை அடுத்ததாகத் தொடங்குகிறது. அது முடியும் வரை அந்த இடத்தில் தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

திருப்பணிக் குழு