பில் புத்தகத்தை மாற்றுங்கள்: செட்டிநாட்டு வணிகர், சிறுதொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, ஆத்தங்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் டைல்ஸ் பட்டறைகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் கண்டாங்கிச் சேலை விற்போருக்கும் கணக்கு எழுதிவருகிறேன். நம் ஆட்கள் வரியை ஏய்க்க நினைப்பவர்கள் அல்லர். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டும் வாடிக்கையாளரிடம் பேச்சுக் கேட்கிறார்கள். காரணத்தைத் தேடிப் போனால் அது அச்சகத்தில் வாங்கிய பில் புத்தகத்தில் வந்து நிற்கிறது. அதைச் சங்கம் நினைத்தால் சரிசெய்யலாம் என்பதால்தான் இந்த மடல்.

ஒரு பில்லையே எடுத்துக்கொள்வோம். ஆத்தங்குடிப் பட்டறை ஒன்று, பெங்களூரில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கட்டுமான ஒப்பந்ததாரர் ஒருவருக்கு 1,000 சதுர அடி டைல்ஸ் கொடுத்தது. சதுர அடி 60 ரூபாய். அவரே லாரி அனுப்பிப் பட்டறை வாசலில் ஏற்றிக்கொண்டு போனார். பில்லில் எழுதியது இவ்வளவுதான்: "டைல்ஸ், 1 லோடு, 60,000. சி.ஜி.எஸ்.டி. 9%, 5,400. எஸ்.ஜி.எஸ்.டி. 9%, 5,400." அதற்குக் கீழே பேக்கிங் கூலி 3,000 கூட்டி, தள்ளுபடி 2,000 கழித்து, மொத்தம் 71,800.

முதல் தவறு வரியின் வகை. "நம் வாசலில் ஏற்றியாயிற்று, அதனால் உள்ளூர் விற்பனை" என்று பட்டறைக்காரர் நினைத்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பதிவு பெற்ற ஒருவருக்குச் சரக்கு விற்கும்போது, லாரியை அனுப்பியது யார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. சரக்கின் பயணம் எங்கே முடிகிறதோ அதுவே வழங்கல் இடம். இங்கே அது கர்நாடகம், மாநில எண் 29. ஆகவே 18 சதவீதமும் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்குரிய ஐ.ஜி.எஸ்.டி.யாக வந்திருக்க வேண்டும். அச்சடித்த புத்தகத்திலோ சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. வழங்கல் இடம் எழுத ஒரு வரிகூட இல்லை. இல்லாத கட்டத்தை எழுதுகிறவர் எப்படி நிரப்புவார்?

பட்டறைக்காரர் மாதக் கணக்கில் இந்த பில்லை உள்ளூர் விற்பனையாகவே ஏற்றினார். வாங்கியபோது கொடுத்த வரியில் எதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் பெங்களூர்க்காரரின் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் அது வந்தது, ஆனால் "வரவு எடுக்க முடியாதவை" என்ற பகுதியில் வந்தது. அவருக்கு 10,800 ரூபாய் நஷ்டம். அடுத்த ஆர்டரை நிறுத்திவைத்தார். திருத்த வழி உண்டு. ஐ.ஜி.எஸ்.டி.யைப் புதிதாகக் கட்டிவிட்டு, முன்பு தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு வட்டி இல்லை. ஆனாலும் திரும்ப வரும்வரை சிறு பட்டறையின் கைமுதல் அங்கே முடங்கிக் கிடக்கும்.

இரண்டாவது தவறு கூட்டல் கழித்தலின் வரிசை. பேக்கிங் கூலி சரக்கின் மதிப்போடு சேர்ந்தது, அதற்கும் வரி உண்டு. பில்லிலேயே காட்டும் தள்ளுபடியை வரி போடுவதற்கு முன் கழிக்க வேண்டும். 60,000-இல் தள்ளுபடி 2,000 போக 58,000. பேக்கிங் 3,000 சேர்த்தால் வரிக்குரிய மதிப்பு 61,000. அதற்கு 18% ஐ.ஜி.எஸ்.டி. 10,980. மொத்தம் 71,980. வித்தியாசம் 180 ரூபாய்தான் என்று விட்டுவிட வேண்டாம். எல்லா பில்லிலும் இதே வரிசையில் எழுதினால் ஆண்டு முழுவதும் தவறு சேர்ந்துகொண்டே போகும். புத்தகத்தில் "தள்ளுபடி", "பேக்கிங்" என்ற வரிகள் "வரிக்குரிய மதிப்பு" என்ற வரிக்கு மேலே அச்சாகியிருந்தால் எழுதுகிறவரின் கை தானாகவே சரியான வரிசையில் போகும்.

"1 லோடு" என்பதும் கூடாது. லோடு அளவு அல்ல. சதுர அடி என்றும் எத்தனை சதுர அடி என்றும் வர வேண்டும். சரக்கின் வகையைக் காட்டும் ஹெச்.எஸ்.என். குறியீட்டையும் விட்டிருந்தார்கள். வேறு சில பட்டறைகள் 6907 என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது சூளையில் சுட்ட செராமிக் டைல்ஸுக்கு உரியது. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் நம் டைல்ஸ் நெருப்பையே பார்ப்பதில்லை. அது சிமெண்ட் பொருள்; 6810-இல் வரும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள், பதிவு பெற்றவருக்கு விற்கும்போது நான்கு இலக்கம் எழுதினால் போதும்.

வாங்குபவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் மூன்றுக்கும் தனி இடம் வேண்டும். எண்ணுக்கு ஒரு கோடு மட்டும் போடாமல் 15 கட்டங்களாகப் பிரித்து அச்சிடச் சொல்லுங்கள். ஓர் எழுத்து விட்டுப்போனால் உடனே கண்ணில் படும். முதல் இரண்டு இலக்கம் மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அங்கே 29 என்று இருந்தால் வரிக் கட்டத்துக்குப் போகும் முன்பே எழுதுகிறவர் நின்று யோசிப்பார். பதிவு பெறாதவர் 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் அவருடைய பெயர், முகவரி, மாநிலம் கட்டாயம். சரக்கு வேறிடத்தில் இறங்குமானால் அந்த முகவரியும் வேண்டும்.

வரிசை எண்ணில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று மிகவும் கெடுதல் செய்கிறது. கடையில் ஒரு புத்தகம், பட்டறையில் ஒரு புத்தகம், இரண்டும் 1-இல் தொடங்கும். ஒரே நிதியாண்டில் ஒரே எண் இருமுறை வரக் கூடாது. அடையாள எழுத்தோடு எண்ணை அச்சிட்டால் சிக்கல் தீரும்:

```
AT/25-26/0041
```

எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு இவை மட்டும்தான் அனுமதி. எல்லாம் சேர்த்து 16-ஐத் தாண்டக் கூடாது. பில் வீணானால் கிழித்தெறியாமல் "ரத்து" என்று எழுதி எல்லாப் படிகளையும் புத்தகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். சரக்குக்கு மூன்று படி: வாங்குபவருக்கு, லாரிக்கு, நமக்கு. சரக்கு வாசலைத் தாண்டும் முன் எழுத வேண்டும். கடைசியில் கையெழுத்து வேண்டும்; கடையின் ரப்பர் முத்திரை மட்டும் போதாது.

விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைகளுக்கு இந்தப் புத்தகம் கூடாது. அவர்கள் வரி வசூலிக்க முடியாது. "பில் ஆஃப் சப்ளை" என்று வேறு புத்தகம் வேண்டும். அதன் தலைப்பில் தாங்கள் காம்போசிஷன் முறையினர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்ற அறிவிப்பும் அச்சாக வேண்டும். இப்போது பல அச்சகங்கள் இருவருக்கும் ஒரே புத்தகத்தையே விற்கின்றன.

சங்கத்திடம் கேட்பது இதுதான். இரண்டு மாதிரிகளை, ஒன்று வரி பில், இன்னொன்று பில் ஆஃப் சப்ளை, ஒரு கணக்குத் தணிக்கையாளரைக் கொண்டு சரிபார்த்து, வட்டார அச்சகங்கள் அனைத்துக்கும் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். உறுப்பினர்கள் அந்த மாதிரியில் மட்டும் அச்சடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுங்கள். ஏப்ரல் 1-இல் புது நிதியாண்டு தொடங்குகிறது. அதற்கான புத்தகங்களை மார்ச் முதல் வாரத்திலேயே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மாதிரி பிப்ரவரிக்குள் அச்சகங்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வரைவை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
காரைக்குடியில் கணக்கு எழுதும் ஒருவன்