கல்லடி வீட்டுக் கறண்ட் பில்

களுவாஞ்சிகுடி
ஜூலை 6

அன்பின் மச்சான்,

உன்ர கடிதமும் பில் படங்களும் கிடைச்சுது. அம்மாவின்ர கண் தெளிவாயிட்டெண்டு அறிஞ்சு பெரிய சந்தோசம். இங்க எல்லாரும் சுகம்.

கல்லடி வீட்டில வாடகைக்கு இருந்திட்டு பில் கட்டாமப் போன பொடியனுக்கு, கறண்ட் நிலுவை 13,150 ரூபா கேட்டு மெசேஜ் எழுதி வைச்சிருக்கிறாய். அதை அனுப்பாத. கணக்கு பிழை.

ஏப்ரல் பில் 2,100, மே பில் 4,400, ஜூன் 2ஆம் திகதிப் பில் 6,650 எண்டு மூன்றையும் கூட்டியிருக்கிறாய். மே பில்லை ஒருக்கா நிதானமாப் பார். அந்த மாதக் கட்டணம் 2,300தான். அதுக்கு மேல இருக்கிற "முந்திய நிலுவை" எண்ட வரியில கிடக்கிறது ஏப்ரலில கட்டாத 2,100. ஜூன் பில்லிலயும் அப்பிடித்தான், புதுசா வந்தது 2,250. பழைய நிலுவையைச் சபையே ஒவ்வொரு மாதமும் கூட்டிக்கொண்டு வரும். அதனால கடைசிப் பில்லின்ர மொத்தம் மட்டுந்தான் கடன்: 6,650. நீ ஏப்ரல் காசை மூன்று தரமும் மே காசை இரண்டு தரமும் கேட்கப் பார்த்திருக்கிறாய். பொடியன் பில்லைக் கையில எடுத்தா அந்த இடத்திலயே நம்பிக்கை போயிரும். பிறகு நியாயமான காசும் வராது.

அடுத்தது, ஜூன் 2க்கும் ஜூலை 2க்கும் இடையில வந்த பில். இதில பொடியன் இருந்தது 14ஆம் திகதி வரைக்கும், 12 நாள். சாவி வாங்கின அன்று கறண்ட் மீற்றரைப் படம் எடுத்தது பெரிய உதவி. 4312இல தொடங்கி அன்று 4364. அது 52 யூனிற். ஜூலை 2இல 4390. மிச்சம் 26 யூனிற் உன்ர பெயின்ற்காரரின்ர வேலைக்குப் போனது. பில்லில 78 யூனிற்றுக்கும் சேர்த்து யூனிற் கட்டணம் 1,500, நிலையான கட்டணம் 600. யூனிற் கட்டணத்தை யூனிற்றால பிரி: 78இல 52, அது மூன்றில இரண்டு பங்கு, 1,000 ரூபா. நிலையான கட்டணம் பாவிச்சாலும் பாவிக்காட்டியும் வரும், அதை நாளால பிரி: 30இல 12, 240 ரூபா. கூட்டினா 1,240.

தண்ணியில இப்பிடிப் பிரிக்க ஏலாது. அந்த மீற்றரை நீ படம் எடுக்கேல்ல. முந்தின மாதங்களில 15, 16, 14 யூனிற் போன வீட்டில இந்த முறை 22 வந்திருக்கு, அதுவும் ஆக்கள் குடியிருக்காத 18 நாளோட. பொடியனில போட முதல் இதைச் செய்: வீட்டுக் குழாய் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு, மேல்தாங்கி நிரம்பின பிறகு மீற்றர் முகத்தில இருக்கிற சின்னச் சக்கரத்தைப் பார். அது மெல்லச் சுத்தினாலும் மீற்றருக்கு இங்கால எங்கயோ தண்ணி ஓடுது. கூடுதலா மேல்தாங்கியின்ர மிதவை வால்வு சரியாப் பூட்டாம வழிஞ்சுகொண்டிருக்கும். யூனிற் கூடக்கூட ஒரு யூனிற்றின்ர விலையும் ஏறும். அதனால 22 யூனிற் பில்லில பங்கு கேட்டா, உன்ர வீட்டு ஒழுக்கு ஏத்தின விலையை அவனைக் கட்டச் சொல்றதாப் போகும். வழமையான மாதப் பில் 900. அதில 12 நாளுக்கு 360 கேள், நிலுவையில கிடக்கிற 900ஐயும் சேர். தண்ணி மொத்தம் 1,260.

அட்வான்ஸை நீ ஏற்கனவே திருப்பிக் குடுத்திட்டாய், அதில கழிக்க வழியில்ல. கணக்கு உன்ர பேரில இருக்கிறதால கறண்டை வெட்ட வந்தாலும் உன்ர வீட்டைத்தான் வெட்டுவாங்கள், திரும்பக் குடுக்க அதுக்கும் வேற காசு. அதனால நாள் குறிச்சு எழுது. இப்பிடி:

"வணக்கம் தம்பி. கல்லடி வீட்டு பில் கணக்கு இது. கறண்ட்: ஜூன் 2 வரை நிலுவை 6,650, ஜூன் 14 வரை 52 யூனிற்றும் நிலையான கட்டணமும் 1,240, மொத்தம் 7,890. தண்ணி: நிலுவை 900, 12 நாளுக்கு 360, மொத்தம் 1,260. எல்லாமாக 9,150 ரூபா. பில்லுகளும் நீங்கள் சாவி தந்த அன்றைய மீற்றர் படமும் அனுப்பியிருக்கிறன். ஜூலை 20க்கு முதல் பில்லில உள்ள கணக்கு இலக்கங்களுக்கே நேரடியாக் கட்டி, ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கோ. ஒரேயடியாக் கட்ட ஏலாட்டி முதலில கறண்டைக் கட்டுங்கோ, தண்ணிக்கு எப்ப ஏலும் எண்டு சொல்லுங்கோ. கணக்கில பிழை தெரிஞ்சா சொல்லுங்கோ, திருத்துறன்."

கறண்டுக்கும் தண்ணிக்கும் வேற வேற கணக்கு இலக்கம், வேற வேற சபை. 9,150ஐயும் ஒண்டிலயே கட்டிரப் போறான், அதாலதான் இரண்டு மொத்தத்தையும் தனித்தனியா எழுதினன். ரசீது வந்த உடன அதில உள்ள இலக்கத்தை உன்ர பில்லோட ஒப்பிட்டுப் பார். ஒரு இலக்கம் மாறினாலும் காசு வேற ஆரின்ரயோ கணக்கில விழுந்திரும்.

மிதவை வால்வைப் பார்த்திட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்