சிங்கப்பூர் ரயில் மாற்றங்கள் குறித்த தங்கள் வழிகாட்டித் தாளின் பிழைகளும் எமக்கு ஏற்பட்ட இழப்பும் – முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வெள்ளவத்தைக் கிளையில் நாங்கள் வாங்கிய சிங்கப்பூர்ச் சுற்றுலாப் பொதியோடு தரப்பட்ட ரயில் வழிகாட்டித் தாள் தொடர்பாக இக்கடிதத்தை எழுதுகிறேன். இதே விடயத்தைத் தொலைபேசியில் சொன்னேன், மின்னஞ்சலில் எழுதினேன், கிளைக்கு நேரில் வந்தேன், அங்கிருந்து கோட்டையிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டேன், தலைமை அலுவலகத்தில் "இது கிளையின் வேலை" என்று திருப்பி அனுப்பப்பட்டேன். இனிமேல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடக்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து இறுதிவரை வாசியுங்கள்.

தங்கள் தாளின் இரண்டாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், இப்படி அச்சிட்டிருக்கிறீர்கள்: "பாதை மாறும் நிலையங்களில் வெளியேறி மறு பாதைக்குச் செல்லவும். 2 மணி நேரத்துக்குள் மீண்டும் நுழைந்தால் அதே கட்டணம் தொடரும்." இந்த இரண்டு வாக்கியங்களுமே பிழை. கொழும்பில் மெட்ரோ ரயில் கிடையாது என்பதும், அட்டையைத் தட்டி உள்ளே போய், தட்டி வெளியே வரும் முறை எங்களில் பலருக்குப் பழக்கமில்லை என்பதும் தங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தாளுக்கும் அட்டைகளுக்குமாகத் தனியே சேவைக் கட்டணம் அறவிட்டீர்கள். விற்ற பொருளைப் பற்றி விற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பியே நாங்கள் அந்தப் பணத்தைக் கட்டினோம்.

முதல் பிழை டோபி காட் நிலையத்தில் நிகழ்ந்தது. லிட்டில் இந்தியாவில் தங்கியிருந்த நாங்கள் ஓர்ச்சர்ட் செல்வதற்காக வடக்கு–கிழக்குப் பாதையில் ஒரு நிலையம் சென்று, டோபி காட்டில் வடக்கு–தெற்குப் பாதைக்கு மாற வேண்டியிருந்தது. அந்த நிலையத்தில் மூன்று பாதைகள் சந்திக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் படிகளிலும் நடைபாதைகளிலும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஆனால் அந்த நடை முழுவதும் கட்டண வாயிலுக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியேற வேண்டிய தேவையே இல்லை. எங்கள் தாளோ வெளியேறச் சொன்னது. நடை நீண்டுகொண்டே போனதாலும் முன்னால் வாயில் தெரிந்ததாலும், தாள் சொல்வது இதைத்தான் என்று எண்ணி எல்லோரும் அட்டையைத் தட்டி வெளியே வந்து, மறுபடி தட்டி உள்ளே போனோம். வெளியேறிய அதே நிலையத்தில் மீண்டும் நுழைவது அங்குள்ள விதிப்படி மாற்றமாகக் கணக்கிடப்படாது. எத்தனை நிமிடங்களுக்குள் நுழைந்தாலும் அது புதிய பயணம், புதிய கட்டணம்.

இதை அங்கிருந்த நிலைய ஊழியர் ஒருவர் மிகுந்த பொறுமையோடு எங்களுக்கு விளக்கினார். சிங்கப்பூரில் கட்டணம் மொத்தத் தூரத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. முதல் 3.2 கிலோமீற்றருக்கு ஓர் அடிப்படைக் கட்டணம். அதன் பின் தூரம் கூடக் கூடச் சிறிது சிறிதாகத்தான் கூடும். ஒரே பயணமாக இருந்தால் அடிப்படைக் கட்டணம் ஒருமுறைதான். பயணம் இரண்டாக முறிந்தால் அதை மறுபடியும் கட்ட வேண்டும். அட்டையின் பயணப் பதிவைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: மாற்றம் சரியாகப் பதிவாகியிருந்தால் இரண்டாவது முறை வெளியேறும்போது மிகுதித் தூரத்துக்கான வித்தியாசம் மட்டுமே கழியும், முறிந்திருந்தால் முழுத் தொகை கழியும். எங்கள் அட்டைகள் ஒவ்வொன்றிலும் முழுத் தொகை கழிந்திருக்கிறது. பதிவுகளின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

தங்கள் கிளையில் முறைப்பாடுகளைப் பார்க்கும் அந்த இளைஞர் இந்தப் பிரதிகளைக் கையில் வாங்கவே இல்லை. "இரண்டு பாதை என்றால் இரண்டு கட்டணம்தான், இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்" என்றார். அது உண்மையில்லை என்று நான் சொன்னபோது, அருகில் இருந்த மற்றொரு வாடிக்கையாளருக்கும் கேட்கும்படி, "ஒரு சில நூறு ரூபாய்க்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே" என்றார். என் வாழ்நாளில் எந்தக் கடையிலும் நான் இப்படி அவமதிக்கப்பட்டதில்லை. நான் ஒரு பாடசாலையில் கணக்கியல் கற்பிக்கிறேன். நூறு ரூபாயின் கணக்கையும் சரிபார்க்க வேண்டும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் யாரென்று தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி தெம்பினிஸ் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பயணத்தையே நாசமாக்கியது அந்த இடந்தான்.

திரும்பும் நாளில் லிட்டில் இந்தியாவிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்குச் செல்ல, தங்கள் தாள் டௌன்டவுன் பாதையில் ஏறித் தெம்பினிஸில் இறங்கச் சொன்னது. அந்த நிலையம் டோபி காட்டுக்கு நேர் எதிரானது. டௌன்டவுன் பாதையின் நிலையம் நிலத்துக்கு அடியில். கிழக்கு–மேற்குப் பாதையின் நிலையம் தூண்களுக்கு மேலே. இரண்டுக்கும் பெயர் ஒன்றானாலும் கட்டண வாயிலுக்குள்ளேயே இணைப்பு இல்லை. அங்கே உண்மையிலேயே அட்டையைத் தட்டி வெளியே வந்து, வெளியே நடந்து, மறு நிலையத்தில் தட்டி உள்ளே போகத்தான் வேண்டும். ஒரே பயணமாகக் கணக்கிடப்படுவதற்கு அந்த இடைவெளி 15 நிமிடங்களுக்குள் இருக்க வேண்டும். தாளில் இருந்ததோ 2 மணி நேரம். அதே பத்தியில் "தெம்பினிஸில் ஆறுதலாக உணவருந்தலாம்" என்றும் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, முழங்கால் வலியுள்ள அம்மாவை ஒரு பேரங்காடியில் உட்கார வைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பின்னரே மேலே ஏறினோம். கட்டணம் எல்லோருக்கும் இரட்டித்தது. ஓர் அட்டையில் மீதி போதாமல் வாயில் திறக்கவில்லை. பெட்டிகளையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பணம் நிரப்பும் இயந்திரத்தைத் தேட வேண்டியதாயிற்று.

2 மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை நான் பின்னர் தேடி அறிந்துகொண்டேன். அது முழுப் பயணத்துக்குமான எல்லை: முதலில் ஏறியதிலிருந்து எல்லா மாற்றங்களும் அதற்குள் முடிய வேண்டும். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கோ, ரயிலிலிருந்து பஸ்ஸுக்கோ, ஒரு பஸ்ஸிலிருந்து வேறு இலக்கப் பஸ்ஸுக்கோ மாறுவதற்கு 45 நிமிடங்கள் உண்டு. வாயிலுக்கு வெளியே வந்து ரயிலிலிருந்து ரயிலுக்கு மாறுவதற்கு 15 நிமிடங்கள் மட்டுமே. தாளை எழுதியவர் இந்த மூன்று எல்லைகளில் மிகப் பெரியதை எடுத்து மிகச் சிறியதன் இடத்தில் வைத்திருக்கிறார். இதைச் சரிபார்க்கத் தங்களிடம் ஒருவர்கூட இல்லையா?

இதைவிட என்னை வேதனைப்படுத்துவது இன்னொன்று. தெம்பினிஸில் நாங்கள் இறங்கியிருக்கவே வேண்டியதில்லை. அதே டௌன்டவுன் ரயிலில் இறங்காமல் இன்னும் மூன்று நிலையங்கள் போயிருந்தால் எக்ஸ்போ வந்திருக்கும். அங்கே வாயிலுக்கு வெளியே வராமலே விமான நிலையப் பாதைக்கு மாறலாம். அடுத்த நிலையமே சாங்கி. தங்கள் தாளின்படி நாங்கள் தெம்பினிஸிலிருந்து சீமெய் வழியாகத் தானா மேரா போய், அங்கே மீண்டும் ரயில் மாறி, கடைசியில் அந்த எக்ஸ்போவுக்கே வந்து, அதைக் கடந்துதான் விமான நிலையம் போனோம். ரயில் எக்ஸ்போவில் நின்றபோது பதாகையில் டௌன்டவுன் பாதையின் பெயரைக் கண்டு என் மகள், "அப்பா, நாங்கள் முதலில் இருந்த ரயிலும் இங்கேதானே வருகிறது" என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. விரைவாகப் போக விரும்புபவருக்கும் பூகிஸ் நிலையம் இருக்கிறது. அங்கே கிழக்கு–மேற்குப் பாதைக்கு மாறும் நடை நீளமானதுதான், ஆனால் வாயிலுக்கு உள்ளே நடப்பதால் 15 நிமிடக் கெடு பற்றிய கவலையில்லை. முதியோரோடும் பெட்டிகளோடும் வருபவர்களுக்கு ஒரு நிறுவனம் முதலில் சொல்ல வேண்டியது இதையல்லவா?

விமான நிலையத்துக்கு நாங்கள் மிகப் பிந்தியே போய்ச் சேர்ந்தோம். உறவினருக்கு வாங்க வைத்திருந்த எதையும் வாங்கவில்லை. அம்மா அன்று பட்ட வேதனையால் இன்னும் கோயிலுக்குக்கூட நடந்து போக முடியாமல் இருக்கிறார். ஓராண்டு சேமிப்பில் போன பயணம் எங்களுக்கு ஒரு கெட்ட நினைவாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதை அறிவேன்.

தலைமை அலுவலகத்திலிருந்த அம்மையார் மரியாதையாகப் பேசினார் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் அவரும், "ரயில் கட்டணம் சிங்கப்பூர்க்காரருடைய விடயம், அங்கேதான் முறையிட வேண்டும்" என்றார். ரயில் கட்டணத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை, ஐயா. அவர்களுடைய விதி அறிவிக்கப்பட்ட விதி. அந்த விதியின்படியே அவர்கள் பணம் எடுத்திருக்கிறார்கள். தவறு தங்கள் தாளில் இருக்கிறது. அந்தத் தாள் கொழும்பில் அச்சிடப்பட்டு, கொழும்பில் பணம் வாங்கி விற்கப்பட்டது.

நான் கேட்பது அதிகமில்லை. தாளுக்கும் அட்டைகளுக்கும் அறவிட்ட சேவைக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். இணைத்துள்ள பதிவுகளில் கோடிட்டுக் காட்டிய மேலதிகக் கட்டணங்களைத் தாருங்கள். அந்த இளைஞர் என் அம்மாவிடமும் என்னிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க ஒழுங்கு செய்யுங்கள். முக்கியமாக அந்தத் தாளை உடனே மீளப் பெறுங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருப்பதை என் சக ஆசிரியர் ஒருவர் வாங்கி வந்த பொதியில் என் கண்ணால் கண்டேன். அவரிடம் எக்ஸ்போ வரை இறங்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். மற்றவர்களிடம் யார் சொல்வார்கள்?

இதை நல்ல முறையில் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. எனினும் இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டுகளுடனும் தாளின் பிரதியுடனும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடமும் முறையிடுவேன். தொலைபேசி அழைப்பைப் பதிலாக ஏற்க மாட்டேன்.

இணைப்புகள்: பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், வழிகாட்டித் தாளின் இரண்டாம் பக்கம், அட்டைகளின் பயணப் பதிவுகள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.