கோடிட்ட இடங்கள்: கோமதிக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் அதோடு இருந்த பயிற்சித் தாளும் வந்து சேர்ந்தன. பேத்திக்கு அம்மை இறங்கிவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி குறைந்து, காலையில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்.

ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஆங்கிலம் சொல்லித் தருகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஏ', 'ஆன்', 'தி' மூன்றில் எது வரும், எங்கே ஒன்றுமே வராது என்று பழக்க நீ எழுதிய பத்தியைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி எண்களை வைத்துப் பேச வசதியாக இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

```
My uncle has (1)__ old house near (2)__ river.
(3)__ house has (4)__ big garden.
He grows (5)__ bananas there.
Every night he drinks (6)__ coffee
and looks at (7)__ sky.
```

பத்தி நன்றாக இருக்கிறது. ஒரே மனிதர், ஒரே வீடு, தொடர்ச்சியான கதை. தனித்தனி வாக்கியமாகக் கொடுத்தால் 'தி' எங்கிருந்து வருகிறது என்பதே பிள்ளைகளுக்குப் புரியாது. ஆனால் இரண்டு இடங்களை நீ மாற்ற வேண்டும்.

ஒன்று, (2). இங்கே 'ஏ' போட்டாலும் சரி, 'தி' போட்டாலும் சரி. ஏதோ ஓர் ஆறு என்றால் 'ஏ'. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆறு என்றால் 'தி'. 'தி' எழுதிய பிள்ளைக்குத் தப்பு போட்டால், அது சரியாக யோசித்ததற்குத் தண்டனை கொடுத்தது போல ஆகிவிடும். அந்த இடத்தைக் கோடிடாமல் விடைச் சொல்லையே அச்சிட்டுவிடு. இன்னொன்று, (6). நீ விடை எதுவும் வேண்டாம் என்று வைத்திருக்கிறாய். கடையில் 'ஒரு காபி' என்று நாம் கேட்கிறோம் இல்லையா, ஆங்கிலத்திலும் ஒரு கோப்பையை நினைத்து 'ஏ காபி' என்பார்கள். எனவே அதுவும் தப்பில்லை. காபியை எடுத்துவிட்டு, ராத்திரி சோறு சாப்பிடுகிறார் என்று மாற்று. 'ஒரு சோறு' என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை, ஆங்கிலத்திலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

காலியாக விட வேண்டிய இடத்தில் பிள்ளைகள் ஒன்றும் எழுதாமல் விட்டால், தெரியாமல் விட்டார்களா, தெரிந்து விட்டார்களா என்று உனக்குத் தெரியாது. பெருக்கல் குறி போடச் சொல். கோடு என்று ஒன்று இருந்தாலே அதை நிரப்பியாக வேண்டும் என்று நினைக்கிற பழக்கமும் அதில் போகும்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தமிழில் இல்லாத 'தி'யை எதைச் சொல்லி விளங்க வைப்பது என்று கேட்டிருந்தாய். தனிச் சொல்லாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதியை நம்முடைய இரண்டாம் வேற்றுமை உருபு செய்துகொண்டிருக்கிறது. 'படம் பார்த்தேன்' என்று சொன்னால் ஏதோ ஒரு படம். 'படத்தைப் பார்த்தேன்' என்றால் எந்தப் படம் என்று கேட்பவருக்கும் தெரியும். இந்த வித்தியாசம் உன் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தராமலே தெரியும். அதையே பயன்படுத்திக்கொள்.

உன் பத்தியைத் தமிழில் சொல்லச் சொல்லிப் பார். மாமா தோட்டத்தில் வாழை பயிரிடுகிறார். 'வாழையைப் பயிரிடுகிறார்' என்று யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். சோறு சாப்பிடுகிறார். ஆனால் வானத்தைப் பார்க்கிறார். (5), (6) இரண்டிலும் உருபு வரவில்லை, ஆங்கிலத்தில் 'தி'யும் இல்லை. (7)இல் உருபு தானாக வந்து நிற்கிறது, அங்கே 'தி' வருகிறது. இந்த மூன்று வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, உருபின் மேல் வட்டம் போட்டுக் காட்டு. வானம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் 'தி' என்ற விதியை அதற்கு அப்புறம் சொன்னால் போதும்.

இது எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் நீ தெரிந்து வைத்துக்கொள். மனிதர்களுக்கு உருபு எப்படியும் வரும். 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதில் உருபு இருக்கிறதே என்று 'தி' போட்டால் தவறாகிவிடும். 'ஒரு' முன்னால் வந்துவிட்டால் உருபைப் பார்க்கவே வேண்டாம். உருபு இல்லாத இடத்தில் 'ஏ' வருமா, காலியா என்பதையும் இது சொல்லாது. அதற்கு 'ஒரு' சேர்த்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். சேர்ந்தால் 'ஏ' அல்லது 'ஆன்'. சோறு போல எண்ணாத பொருள் என்றாலும், வாழைப்பழங்கள் என்று பன்மையாக இருந்தாலும் சேராது. எழுவாயாக நிற்கும் பெயருக்கும் இந்த வழி உதவாது, ஏனென்றால் அங்கே உருபே கிடையாது. (3) அப்படிப்பட்ட இடம். அங்கே முந்தின வாக்கியத்துக்குத் திரும்பிப் போய், இந்த வீட்டைப் பற்றி ஏற்கெனவே பேசியாயிற்றா என்று பார்ப்பது ஒன்றே வழி.

'முதல் தடவை ஏ, இரண்டாம் தடவை தி' என்று நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய். (1), (3), (4) எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன, அதனால் பிள்ளைகள் அதையே மந்திரமாகப் பிடித்துக்கொள்வார்கள். (4)க்குப் பிறகு இந்த வாக்கியத்தைச் சேர்:

```
__ roof is made of tiles.
```

கூரை இதுவரை பத்தியில் வரவில்லை. மந்திரப்படி 'ஏ' வர வேண்டும். ஆனால் விடை 'தி'. வீடு என்று சொன்னதுமே அதற்கு ஒரு கூரை இருக்கும் என்று நமக்குத் தெரியும். எந்தக் கூரை என்ற கேள்வியே எழாது. தோட்டம் அப்படி இல்லை, எல்லா வீட்டுக்கும் தோட்டம் இருக்காது, அதனால் (4)இல் 'ஏ'. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொல் எத்தனையாவது தடவை வருகிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கேட்பவருக்கு எது என்று தெரியுமா என்று யோசிக்கத் தொடங்குவார்கள். பயிற்சியின் முக்கியமான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

(1)இல் 'ஆன்' வருவதற்கு வீடு காரணமில்லை, அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் காரணம். அடுத்து வருகிற சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல். ஓல்டு என்று உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. ஹவுஸ் என்று உயிர்மெய்யில் தொடங்கினால் 'ஏ'. ஆங்கில எழுத்தைப் பார்த்து ஏமாறுகிற இடங்களில் நம் எழுத்து கைகொடுக்கும்: யூனிவர்சிட்டி என்பதற்கு 'ஏ', எம்.எல்.ஏ. என்பதற்கு 'ஆன்'. ஓட்டல் என்று எழுதினால் மட்டும் வழி தவறிவிடும், ஹோட்டல் என்று எழுத வேண்டும். காதுக்கும் ஆண்டுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை நாம் இரண்டையுமே 'இயர்' என்று எழுதுகிறோம். ஆண்டுக்கு 'யியர்' என்று ஒலித்துக் காட்டு, 'ஏ' வரும்.

இன்னொன்று, காலியாக விட வேண்டிய கோட்டை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்காதே. அடுத்த சொல் பெரிய எழுத்தில் இருந்தால் விடை வெளியே தெரிந்துவிடும், சின்ன எழுத்தில் இருந்தால் சரியான விடையே தவறான வாக்கியமாகும்.

மாற்றிய தாளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுது. கூரைக்கு எத்தனை பேர் 'ஏ' போட்டார்கள், வாழைக்கு யாராவது 'தி' போட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அடுத்து பள்ளிக்குப் போவது, பஸ்ஸில் போவது, வீட்டில் இருப்பது போன்ற காலி இடங்களை வைத்து ஒரு பத்தி நானும் எழுதி அனுப்புகிறேன். பேத்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா